வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய தூசியும் வெயிலும்

(கோடைக்கு முன் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவிக் கணக்குகளைப் பற்றிப் பேசுவோம். இன்று வீடு கட்டும் வேலையைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் பகுதியில் தெருவுக்கு இரண்டு வீடாவது இடித்துக் கட்டப்படுகிறது. சிலர் மாடி எடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளை பணம் அனுப்பியதும் சமையலறையை மாற்றுகிறார்கள். அந்த வேலைக்கு வரும் கொத்தனார், பெரியாள், சித்தாள், டைல்ஸ் ஆள், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று கல் தூசி, மற்றொன்று வெயில். கீழே விழுவதும் கரண்ட் அடிப்பதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இந்த இரண்டும் சத்தம் போடாமல் ஆளைக் கொண்டுபோகிறவை.

இதை ஏன் தொழிலாளர்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்கலாம். பெரிய கம்பெனி கட்டும் அடுக்குமாடியில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார். தலைக்கவசம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நாம் கட்டும் வீட்டில் அப்படி யாரும் கிடையாது. அங்கே ஒரு மேஸ்திரி இருப்பார், வீட்டுக்காரர் இருப்பார், அவ்வளவுதான். எந்தக் கல்லை வாங்குவது, எத்தனை மணிக்கு வேலை ஆரம்பிப்பது, தண்ணீர் எங்கே வைப்பது, கழிவறையைத் திறந்து விடுவதா இல்லையா என்பதையெல்லாம் தீர்மானிப்பது வீட்டுக்காரர்தான். அதனால் இந்தப் பேச்சு வீட்டுக்காரருக்கு.

முதலில் தூசியை எடுத்துக்கொள்வோம்.

நம் மருத்துவ உதவிக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நாற்பத்தைந்து வயது தாண்டியவர். இருபது வருஷத்துக்கு மேல் கிரானைட்டும் டைல்ஸும் வெட்டிப் பதித்தவர். இரண்டு மாடி ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் நிற்கவில்லை. காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். குணமாகவில்லை என்று மறுபடியும் ஒரு சுற்று சாப்பிட்டிருக்கிறார். சளிப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை. இத்தனைக்கும் அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை: நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? அதைக் கேட்ட ஒரு மருத்துவர்தான் எக்ஸ்ரேயை மறுபடி பார்த்து, நுரையீரலின் மேல்பகுதியில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தெரிவது கல் தூசியால் வந்த தழும்பு என்று சொன்னார். அந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர்.

அது எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மணல், கருங்கல், செங்கல், கான்கிரீட், டைல்ஸ் எல்லாவற்றிலும் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. மணலாகக் கிடக்கும்போது அதனால் மூச்சுக்குக் கெடுதல் இல்லை. அந்த மணி பெரியது, நுரையீரலுக்குள் போகாது. அதே கல்லை மிஷின் பிளேடு அறுக்கும்போது அது மாவாகிறது. அந்த மாவில் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கள் இருக்கின்றன. இவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடுகின்றன. உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும், முடியாது. கல் கரையுமா? துகளைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. பஞ்சு போல விரிய வேண்டிய நுரையீரல் இறுகிப் போகிறது. அப்படி வந்த தழும்பை எடுக்க மருந்து கிடையாது. தூசியை விட்டு விலகிய பிறகும் சிலருக்கு அது வளர்ந்துகொண்டே போகும். சாதாரணமாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகித்தான் தெரியவரும். தூசி மிக அதிகமாக இருந்தால் சில வருஷங்களிலேயே வந்துவிடும். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோயும் எளிதில் பிடிக்கும். அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுமே ஒருவருக்கு இருக்கவும் கூடும்.

எவ்வளவு தூசி அதிகம்? அமெரிக்காவில் 2016-இல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையின் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நுண் சிலிக்கா இருக்கக்கூடாது. இந்தக் கணக்கு நமக்குப் பிடிபடாது. இப்படிச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், பத்தடி உயரம். அந்த அறைக் காற்று முழுவதிலும் சேர்த்து இருக்கலாம் என்று அந்த விதி சொல்லும் அளவு, தூளுப்பு மணிகள் இருபது இருபத்தைந்தின் எடைதான். விரல் நுனியில் ஒட்டும் உப்பு. அதே அறையில் சுவரைக் காய்ந்தபடி ஒரு நிமிடம் கட்டர் மிஷினால் அறுத்தால் எதிரில் நிற்கும் ஆள் தெரியமாட்டார். இரண்டையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. புகைபோல் எழுந்தது அடங்கியதும் தூசி போய்விட்டது என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் தூசிதான் சீக்கிரம் கீழே விழும். மிக நுண்ணியது காற்று அசையாத அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். வெட்டியவர் போன பிறகு பெருக்க வரும் சித்தாள் அதைத்தான் சுவாசிக்கிறார்.

இது கற்பனைப் பயம் அல்ல. நம்மில் பலர் விரலில் அகீக் கல் மோதிரம் போட்டிருக்கிறோம். குஜராத்தில் கம்பாத் என்ற ஊரில் அந்தக் கல்லை வீட்டுக்கு வீடு சாணை பிடிக்கிறார்கள். அங்கே கல் தேய்ப்பவர்களுக்கும், அதே வீட்டில் இருப்பவர்களுக்கும் சிலிகோசிஸ் வந்திருப்பதை அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. அதே குஜராத்தில் கோத்ரா பக்கம் வெள்ளைக் கல் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து பழங்குடி மக்கள் வேலைக்குப் போனார்கள். சில மாதங்களும் சில வருஷங்களும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஊரில் ஒவ்வொருவராக இறந்தார்கள். அப்படி இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராஜஸ்தானில் கோயிலுக்குக் கல் செதுக்குபவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் இந்த நோயால் அதிகம் பாதிக்கப்பட்டதால், 2019-இல் அந்த மாநிலம் இதற்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. நோய் உறுதியானால் மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம் என்று வைத்தது. பணம் கொடுக்க முடிந்தது, நுரையீரலைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சரி, நம் வீட்டு வேலையில் இந்தத் தூசி எங்கே பிறக்கிறது? முக்கியமாக நான்கு இடத்தில். கிரானைட், டைல்ஸ் வெட்டும்போது. பைப்பும் ஒயரும் பதிக்கச் சுவரில் காடி வெட்டும்போது. பழைய பூச்சையும் கான்கிரீட்டையும் உடைக்கும்போது. கடைசியாக, அதையெல்லாம் காய்ந்தபடி பெருக்கும்போது.

தூசியைப் பிடிப்பதற்கு முன் அதைப் பிறக்காமல் செய்ய முடியுமா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் செங்கல் வேலை முடியும் கட்டத்திலேயே அழைத்துச் சமையலறையிலும் குளியலறையிலும் எங்கெங்கே பாயிண்ட் என்று சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள். பூச்சு முடிந்து பெயிண்ட் அடிக்கும் நேரத்தில் 'ஃபிரிட்ஜுக்கு இங்கே ஒரு பிளக் வேண்டும்' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் ஒருவர் மூச்சில் போய் விழுகிறது. செலவும் இரட்டிப்பாகிறது.

சமையல் மேடைக்கு என்ன கல் என்பதும் நம் கையில் இருக்கிறது. மார்பிளில் சிலிக்கா மிகக் குறைவு. கிரானைட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. இப்போது கடைகளில் குவார்ட்ஸ் என்று பளபளப்பாக விற்கும் செயற்கைப் பலகை இருக்கிறதே, அதில் பெரும்பாலான வகைகளில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். கல் பொடியைப் பசையில் குழைத்து அழுத்தியது அது. அதை வெட்டிய இளம் தொழிலாளர்களுக்கு நோய் வந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையைத் தடை செய்துவிட்டது. சமையலறையில் இருக்கும்போது அது நமக்கு ஒன்றும் செய்யாது. வெட்டுகிறவருக்குத்தான் செய்யும். மலைக்கோட்டை அடியில் குடியிருக்கும் நமக்குக் கருங்கல்லே போதும். அதையும் அளவு கொடுத்துக் கடையிலேயே, தண்ணீர் ஊற்றி அறுக்கும் பெரிய மிஷினில் வெட்டி வாங்குங்கள். சிங்க் வைக்கும் ஓட்டையும் அங்கேயே போட்டுவிடுவார்கள். வீட்டில் ஓரம் தட்டும் வேலை மட்டும் மிச்சமிருக்கும்.

வீட்டில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஈரத்தில் வெட்ட வேண்டும். இதுதான் இன்றைய பேச்சின் நடுப்புள்ளி. பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விழுந்தால் தூசி சேறாகிக் கீழே இறங்கிவிடும். டைல்ஸ் வெட்டத் தண்ணீர்த் தொட்டியோடு வரும் மேசை மிஷின் இருக்கிறது. மார்பிள் கட்டர்களில் தண்ணீர்க் குழாய் மாட்ட வசதியுள்ளவை கிடைக்கின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை. தண்ணீருக்கென்று செய்யப்படாத சாதாரண கிரைண்டர் மிஷினில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூசியிலிருந்து காப்பாற்றப் போய்க் கரண்டில் ஆளை இழப்போம். எந்த மிஷினாக இருந்தாலும் கசிவு மின்சாரத்தில் உடனே அறுபடும் ஆர்.சி.சி.பி. இருக்கும் லைனிலிருந்துதான் இணைப்புக் கொடுக்க வேண்டும். வேலை நடக்கும் வீட்டுக்குத் தற்காலிக மின் இணைப்பு வாங்கும்போதே அதை மாட்டச் சொல்லுங்கள்.

சுவரில் காடி வெட்டுவதென்றால், வெட்டும் கோட்டை முதல்நாள் மாலையும் அன்று காலையும் நன்றாக நனைத்து வைக்கச் சொல்லுங்கள். முழுத் தூசியும் போகாது, கணிசமாகக் குறையும். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்க வேண்டும். அந்த அறையில் வெட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் வேண்டாம். ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் நம் பழைய தெருக்களிலும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நீளமாக உள்ளே போகும். நடு அறையில் காற்றே இருக்காது. அங்கே வாசல் பக்கம் தூசியைத் தள்ளும்படி ஒரு மின்விசிறியை வைப்பது நல்லது. பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்கள் ஜன்னலை மூடிக்கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் காய்ந்த விளக்குமாறு போடக்கூடாது. தண்ணீர் தெளித்துப் பிறகு கூட்ட வேண்டும். வெட்டிய சேறு காய்ந்தால் மறுபடியும் தூசிதான். அதனால் ஈரமாக இருக்கும்போதே வழித்துச் சாக்கில் கட்டிவிடச் சொல்லுங்கள். புளோயர் வைத்து ஊதவே கூடாது. வேலை முடிந்து போகிறவர் கை, முகம், தலை கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ள ஒரு வாளித் தண்ணீரும் மறைவிடமும் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சட்டையோடு போய்ப் பிள்ளையைத் தூக்குவார். மனைவி அதை உதறித் துவைப்பார். கம்பாத்தில் வீட்டுக்குள் நடந்தது இங்கே சட்டையில் ஏறிப் போகும்.

இதற்கெல்லாம் பிறகுதான் மாஸ்க். எல்லோரும் முதலில் மாஸ்க்கைத்தான் நினைக்கிறோம். தோளில் கிடக்கும் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டால் போதும் என்று கொத்தனார் சொல்வார். துண்டு பெரிய தூசியைத் தடுக்கும். மூக்கில் மண் ஏறாததால் பாதுகாப்பாக இருப்பதுபோல் தோன்றும். நோய் தரும் நுண்தூசி துணியின் இழை வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் உள்ளே போய்விடும். கொரோனா காலத்தில் வாங்கிய நீல நிற மாஸ்க்கும் அப்படித்தான். வேண்டியது எஃப்.எஃப்.பி.2 அல்லது என்-95 வகை. ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போடும் வகை நன்றாகப் படியும். மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு, இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பொத்திக்கொண்டு வேகமாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கீழேயோ கன்னத்திலோ காற்று அடித்தால் அது சரியாகப் படியவில்லை. வியர்வையில் நனைந்துபோனால், மூச்சு இழுப்பது சிரமமானால், மாற்றிவிட வேண்டும்.

இங்கே நம் சமுதாயத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. தாடி உள்ளவருக்கு இந்த மாஸ்க் முகத்தில் படியாது. விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில் முடி இருந்தால் அந்த இடைவெளி போதும், தூசி உள்ளே வந்துவிடும். தாடி வைத்திருக்கும் தொழிலாளர் மாஸ்க் போட்டிருக்கிறார் என்று நாமும் நிம்மதியாக இருப்போம், அவரும் நிம்மதியாக இருப்பார், பாதுகாப்பு பாதிகூட இருக்காது. தாடியை எடுக்கச் சொல்வது நம் வேலையல்ல. வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி. தாடி உள்ளவர் பூச்சு, செங்கல் வேலை, டைல்ஸ் பதிப்பது என்று பார்க்கட்டும். வெட்டுவதை மற்றவர் செய்யட்டும். அவரே வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், தண்ணீரும் திறந்த வெளியும் இல்லாமல் வெட்டக்கூடாது என்று கறாராக இருங்கள். மின்கலத்தால் காற்றை ஊதும் தலைமூடி என்று ஒரு கருவி உண்டு. அதற்குத் தாடி தடையில்லை. ஆனால் சின்ன வேலைக்குக் கட்டுப்படியாகாத விலை.

மாஸ்க்கை நாள் முழுவதும் போடச் சொன்னால் யாரும் போடமாட்டார்கள். திருச்சி வெயிலில் அது நியாயமும் இல்லை. எனவே தூசி வேலையைக் காலை இரண்டு மணி நேரத்துக்குள் ஒதுக்கிவிடுங்கள். அந்த நேரத்துக்கு, வெட்டுகிறவரும் அவருக்குக் கைகொடுப்பவரும் மட்டும் போட்டால் போதும். இதைச் சொல்லும்போதே நாம் வெயிலுக்கு வந்துவிட்டோம்.

நம் ஊரில் சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரி தாண்டுவது புதிதல்ல. பக்கத்திலேயே காவிரியும் கொள்ளிடமும் இருந்தாலும் அந்த மாதங்களில் பெரும்பாலும் மணல்தான் தெரிகிறது. நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் துபாயில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது. கத்தாரில் கோடையில் காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்றரை வரை தடை. கேரளத்தில் கோடைதோறும் தொழிலாளர் துறை மதிய நேர வேலையை நிறுத்திவைக்கிறது. அங்கே நம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று நாம் நினைக்கும் நிழல், இங்கே நம் வீட்டில் கல் சுமக்கும் பிள்ளைக்கும் வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத் தாக்கத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் நிவாரணம் என்றும் சொன்னது. அதற்கு மருத்துவப் பதிவு வேண்டும். வெயிலில் விழுந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு கொத்தனார், ஒரு டைல்ஸ் ஆள், ஒரு எலக்ட்ரீஷியன், இரண்டு பெரியாள், இரண்டு சித்தாள். மே மாதம். வேலையைக் காலை ஆறரைக்கு ஆரம்பிக்கிறோம். முதல் இரண்டு மணி நேரம் உள்ளே காடி வெட்டுவதும் டைல்ஸ் வெட்டுவதும் நடக்கட்டும். மற்றவர்கள் அப்போது வெளியே. காலையில் வீட்டின் மேற்குச் சுவர் நிழலில் இருக்கும், அதனால் கொத்தனார்கள் மேற்குப் பக்கப் பூச்சை எடுக்கட்டும். மாலையில் கிழக்குச் சுவர் நிழலாகும், அதை அப்போது பூசலாம். ஆளுக்கும் நல்லது, பூச்சும் வேகமாகக் காய்ந்து வெடிக்காது. பத்து மணிக்குமேல் எல்லோரும் வீட்டுக்குள் வேலை. பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினால் சாப்பாடு, ழுஹர், ஒரு தூக்கம் எல்லாம் முடித்து மூன்று மணிக்குத் தொடங்கலாம். ஆறு மணிக்கு முடித்தால் எட்டரை மணி நேரம் வருகிறது, டீ நேரம் கழித்தால் எட்டு மணி நேரம். கூலியில் ஒரு ரூபாயும் குறைக்க வேண்டியதில்லை. இதை மேஸ்திரியிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசினால் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஓய்வைத்தான் முதலில் வெட்டுவார்கள். அங்கே ஓய்வு நேரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

தளம் போடும் நாள் மட்டும் விதிவிலக்கு. கான்கிரீட் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, இணைப்பில் விரிசல் வரும், கசியும். அதனால் அந்த நாளில் சுபுஹ் முடிந்த கையோடு தொடங்குங்கள். கூடுதலாக இரண்டு ஆள் போட்டு மாற்றி மாற்றி இறங்கி நிழலில் உட்கார வையுங்கள்.

நிழல் என்றால் பச்சை வலையோ தார்ப்பாயோ, காற்று நான்கு பக்கமும் போகும்படி உயரக் கட்டியது. தகரக் கொட்டகை நிழலல்ல, அடுப்பு. தெருக் கோடியில் இருக்கும் வேப்பமர நிழலுக்கு யாரும் வேலைக்கு நடுவில் நடந்துபோகமாட்டார்கள், பத்தடியில் இருக்க வேண்டும்.

தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. வெயிலில் உழைக்கிறவர் கால் மணிக்கு, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டர் என்று வையுங்கள். எட்டுப் பேர், எட்டு மணி நேரம், 48 லிட்டர் ஆகிறது. இருபது லிட்டர் கேன் மூன்று வேண்டும். ஒரு கேன் வைத்துவிட்டுத் தண்ணீர் வைத்தேன் என்று சொல்கிறோம், அது பத்து மணிக்குக் காலி. தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். அதற்காக ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ஆகாது, உடம்பில் உப்பு குறைந்துவிடும். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நல்லவை. தசை பிடித்து இழுத்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் கலந்து கொடுங்கள். 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் குடிநீர் வைக்கும் இடம் கழிவறையிலிருந்தும் கழுவும் இடத்திலிருந்தும் ஆறு மீட்டருக்குள் இருக்கக்கூடாது என்று சொன்னது. நம் வீட்டில் பெரும்பாலும் செங்கல் நனைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கேன் இருக்கும். அதை மாற்றுங்கள்.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். சித்தாள் பெண்கள் தண்ணீர் இருந்தும் குடிக்கமாட்டார்கள். ஏன்? போக இடமில்லை. காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் மாலை வீடு திரும்பும்வரை அடக்குகிறார்கள். அதற்காகவே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல் என்று அது வளர்கிறது. கர்ப்பிணியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரு மடங்கு என்று நம் தமிழ்நாட்டுப் பெண்களிடமே நடந்த ஆய்வு சொல்கிறது. எனவே தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிவறையை வேலை ஆரம்பிக்கும் முதல் நாளே முடித்துக் கொடுங்கள். அல்லது நம் வீட்டுக் கழிவறையைத் திறந்துவிடுங்கள். அதை வாய் திறந்து சொல்லவும் வேண்டும். 'அம்மா, இது உங்களுக்குத்தான், கூச்சப்படாதீங்க' என்று வீட்டுப் பெண் ஒருவர் சொன்னால்தான் அவர்கள் போவார்கள்.

வெயிலுக்குப் புதியவர்தான் முதலில் விழுவார். முதல் சில நாட்களில்தான் அதிக மரணங்கள் நடக்கின்றன. உடம்பு பழக ஒரு வாரம் ஆகும். புதிதாக வந்தவரையும், காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தவரையும் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயிலில் விட்டு, தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். மீதி நேரம் நிழலில் வேலை கொடுங்கள். வடநாட்டுப் பிள்ளைகள் நம் மொழி தெரியாமல் தலைசுற்றுகிறது என்று சொல்லக்கூடத் தயங்குவார்கள், முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. 2018, 2019-இல் மே மாதத்தில் வந்தது இப்போது மாசிக்கு வந்துவிட்டது. வரும் சில ஆண்டுகளுக்கு நோன்பும் அக்னி நட்சத்திரமும் ஒன்றாக வராது. ஆனாலும் நோன்பாளியின் கடின வேலையைக் காலை நேரத்தோடு முடித்துவிடுவது நல்லது.

ஒருவர் தலைவலி, குமட்டல் என்று உட்கார்ந்தால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தால் சரியாகும். ஆனால் பேச்சுக் குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தள்ளாடினால், மயங்கினால், அது வெப்பத் தாக்கம். உடம்பு வியர்க்கிறதே, அதனால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். உழைக்கிறவருக்கு வியர்த்துக்கொண்டே அது வரும். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மற்றவர்கள் வண்டி வரும்வரை காத்திருக்காமல் சட்டையைக் கழற்றி, வாளி வாளியாக உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். அந்த முதல் அரை மணி நேரம்தான் உயிர்.

கடைசியாக, நம் பகுதித் தொழிலாளர்களுக்கு இரண்டு வார்த்தை. பத்து வருஷத்துக்கு மேல் கல் வெட்டியவருக்கு இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால், அரசு மருத்துவமனைக்குப் போகும்போது மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: இத்தனை வருஷம் கிரானைட் வெட்டினேன், இத்தனை வருஷம் சுவர் அறுத்தேன். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அந்த நுரையீரலுக்கு இரண்டு சுமை தாங்காது. அடுத்தது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் செய்துகொள்ளுங்கள். tnuwwb.tn.gov.in என்ற தளத்தில் பதியலாம். தெரியாதவர்கள் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், நம் பிள்ளைகள் பதிந்து தருவார்கள்.

வீடு கட்டப் போகிறவர்கள் மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கும் அன்றே இந்த ஐந்தையும் பேசி முடியுங்கள்: ஆறரைக்குத் தொடக்கம், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஓய்வு, ஈரத்தில் வெட்டுவது, தினம் மூன்று கேன் தண்ணீர், பூட்டில்லாத கழிவறை. மூன்று கேன் தண்ணீருக்கு ஆகும் செலவு ஒரு மூட்டை சிமெண்டின் விலைக்கும் குறைவு.

வஸ்ஸலாம்.